வினாவே விடையாகும் நகை: ‘ஹூஸ் ஆன் ஃபர்ஸ்ட்’ காட்சிக்குத் தமிழ் வசனவரி அமைத்தல்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மொழியில் அமைந்த நகைச்சுவைக் காட்சிக்குப் பிறிதொரு மொழியில் வசனவரி அமைப்போர் மூன்று கட்டுப்பாடுகளை ஒருங்கே எதிர்கொள்கின்றனர். வரி உரிய நேரத்தில் தோன்றி மறைய வேண்டும். பேசுவோரின் தொனி மாறாமல் இருக்க வேண்டும். சிரிப்பு எழ வேண்டிய இடத்தில் எழ வேண்டும். அமெரிக்க நகைச்சுவை இணையரான பட் அபட், லூ காஸ்டெல்லோ ஆகியோரின் ‘ஹூஸ் ஆன் ஃபர்ஸ்ட்’ என்னும் காட்சியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இச்சிக்கலை ஆராய்கிறது. வினைமுற்று இன்றி முடியும் தமிழ்த் தொடரமைப்பு, இக்காட்சியின் சிலேடையைக் காப்பதோடு வசனவரியின் நீளத்தையும் குறைக்கிறது என்பதும், குறுவிடையை அதற்கு முந்தைய வினாவோடு சேர்த்துக் காட்டினால் நகை அழியும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வசனவரி, சிலேடை, பெயர்ப்பயனிலை, வினா எதிர் வினாதல், வாசிப்பு வேகம், தொனி.

1. முன்னுரை

சப்டைட்டில் என மக்கள் வழக்கில் குறிப்பிடப்படும் வசனவரி, ஏனைய மொழிபெயர்ப்புகளினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. நூலின் மொழிபெயர்ப்பைப் படிப்பவர் முன் மூலநூல் இருப்பதில்லை. வசனவரியைப் படிப்பவரோ மூலக்குரலைக் கேட்டுக்கொண்டே படிக்கிறார். குரல் நின்ற பின்னும் வரி நின்றால் அவர் உணர்வார். குரல் சொல்லாததை வரி முன்னரே சொல்லிவிட்டாலும் உணர்வார். நகைச்சுவைக் காட்சியில் இவ்விரண்டாம் பிழை மிகப் பெரிது. சிரிக்க வேண்டிய சொல் அரை நொடி முந்திப் படிக்கப்பட்டால், குரல் அதனைச் சொல்லும்போது பார்வையாளருக்குப் புதிதாக ஒன்றும் எஞ்சாது.

இச்சிக்கலைக் கூர்மையாகக் காட்டுவது ‘ஹூஸ் ஆன் ஃபர்ஸ்ட்’ காட்சியாகும். 1938இல் வானொலி வழியே பெரும்புகழ் பெற்ற இவ்வுரையாடல், 1940இல் வெளிவந்த ‘ஒன் நைட் இன் த டிராபிக்ஸ்’ திரைப்படத்தில் சுருக்கமாகவும், 1945இல் வெளிவந்த ‘த நாட்டி நைன்டீஸ்’ திரைப்படத்தில் விரிவாகவும் இடம்பெற்றது. சில நிமிடங்களே ஓடும் இக்காட்சி, இன்றும் தனிக் காணொளியாகப் பார்க்கப்படுகிறது. இதன் நகை முழுவதும் ஆங்கில வினாச்சொற்களைச் சார்ந்தது. ஆதலின் பெயர்க்க இயலாதது என்று முதற்பார்வையில் தோன்றும். அவ்வெண்ணம் தமிழைப் பொறுத்தவரை எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2. காட்சியின் நகை அமைப்பு

பேஸ்பால் அணியொன்றின் ஆட்டக்காரர்களின் பெயர்களைக் காஸ்டெல்லோ கேட்கிறார், அபட் சொல்கிறார். முதல் தளத்தில் நிற்பவரின் பெயர் ஆங்கிலத்தில் ‘யார்’ எனப் பொருள்படும் ‘ஹூ’. இரண்டாம் தளத்தவரின் பெயர் ‘என்ன’ எனப் பொருள்படும் ‘வாட்’. மூன்றாம் தளத்தவரின் பெயர் ‘எனக்குத் தெரியாது’ எனப் பொருள்படும் ‘ஐ டோன்ட் நோ’. இவ்வாறே ‘ஏன்’, ‘ஏனென்றால்’, ‘நாளை’, ‘இன்று’ எனப் பொருள்படும் பெயர்களும் பின்னர் வருகின்றன. அணியினருக்கு விசித்திரமான பெயர்கள் உண்டு என்பது தொடக்கத்திலேயே கூறப்படுவதால், பார்வையாளர் உண்மையை அறிவர்; காஸ்டெல்லோ மட்டும் அறியார்.

இவ்வமைப்பை நன்னூலார் கூறும் விடைவகைகளைக் கொண்டு தெளிவாக விளக்கலாம். அபட் தருவன யாவும் ஒளிவுமறைவற்ற விடைகள். காஸ்டெல்லோ அவற்றை ‘வினா எதிர் வினாதல்’ என்னும் வகையாகக் கேட்கிறார். பெயரைக் கேட்டவருக்குப் பெயரே சொல்லப்படுகிறது; அவரோ தம்மிடம் எதிர்க்கேள்வி கேட்கப்படுவதாக எண்ணிச் சினம் கொள்கிறார். ஒரே சொல் ஒருவர் வாயில் விடையாகவும் மற்றவர் செவியில் வினாவாகவும் இருத்தலே இங்கு நகைக்கு ஊற்று. தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாகக் கூறிய நான்கனுள் மடன் என்பதற்குக் ‘கொண்டது விடாமை’ என்னும் கருத்துப்பட உரையாசிரியர் விளக்கம் தருவர். காஸ்டெல்லோ முதலில் கொண்ட பொருளை இறுதிவரை விடாமையே இக்காட்சியை நகர்த்துகிறது.

ஆகவே, வசனவரி அமைப்பவர் காக்க வேண்டியது தனித்தனிச் சொற்களின் பொருளை மட்டும் அன்று. ஒவ்வொரு வரியும் வினாவாகவும் விடையாகவும் ஒருசேரப் பொருந்தும் இரட்டைத் தன்மையையே அவர் காக்க வேண்டும்.

3. பெயர்களை ஒலிபெயர்த்தலும் மொழிபெயர்த்தலும்

இயற்பெயரை மொழிபெயர்ப்பதில்லை என்பது பொதுவழக்கு. அவ்வழக்கைப் பின்பற்றி ‘ஹூ’, ‘வாட்’ என ஒலிபெயர்த்தால் என்ன நேரும்? ‘முதல் தளத்தில் யார்?’ என்று ஒருவர் கேட்க, மற்றவர் ‘ஹூ’ என்று விடை கூறுவார். தமிழ் வரியில் வினாச்சொல் வேறு, பெயர் வேறு என ஆகிவிடும். குழப்பத்துக்கு இடமில்லாத இடத்தில் காஸ்டெல்லோ ஏன் சினம் கொள்கிறார் என்பது வரியை மட்டும் நம்பிப் பார்ப்பவருக்கு விளங்காது. எனவே இக்காட்சியில் பெயர்களை மொழிபெயர்ப்பதே முறை. யார், என்ன, தெரியாது என்பன பெயர்களாகவே வரியில் இடம்பெற வேண்டும்.

இதற்கு மற்றொரு துணையும் உண்டு. ‘ஹூ’, ‘வாட்’ போன்ற எளிய ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பார்வையாளர் பலரும் அறிவர். காதில் ‘ஹூ’ என்னும் ஒலி விழும்போது கண்ணில் ‘யார்’ என்னும் சொல் படுவதால், இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. மூலக்குரல் கேட்பது பொதுவாக வசனவரியாளருக்கு இடையூறு. இங்கு அது துணையாகிறது. அதே காரணத்தால் பேஸ்பாலைக் கிரிக்கெட்டாக மாற்றும் உரிமை இங்கு இல்லை. ‘பேஸ்’ என்னும் சொல் இடைவிடாது காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

4. வினையின்றி முடியும் தொடர்

ஆங்கிலத்தில் ‘ஹூஸ் ஆன் ஃபர்ஸ்ட்’ என்பது சொல்வரிசை மாறாமலே வினாவாகவும் கூற்றாகவும் நிற்கிறது. தமிழில் இவ்விரட்டைத் தன்மை கிடைக்குமா என்பது முடிக்கும் சொல்லைப் பொறுத்தது.

வினைமுற்றைக் கொண்டு முடித்தால் திணையும் பாலும் வெளிப்படும். ‘இரண்டாம் தளத்தில் என்ன நிற்கிறது?’ என்பது வினா. ‘என்ன’ என்பது ஓர் ஆட்டக்காரரின் பெயரானால் ‘என்ன நிற்கிறார்’ என்றோ ‘என்ன நிற்கிறான்’ என்றோ வர வேண்டும். முன்னது அஃறிணை முடிபு, பின்னது உயர்திணை முடிபு. காஸ்டெல்லோ ‘நிற்கிறது’ என்று கேட்டு, அபட் ‘நிற்கிறான்’ என்று விடையளித்தால், வினைமுற்றின் ஈறே ‘இது பெயர்’ என்று காட்டிக் கொடுத்துவிடும். ‘யார்’ என்னும் சொல்லுக்கு ‘நிற்கிறார்’ என்னும் மதிப்பு முடிபு இரு பொருளுக்கும் பொருந்தலாம். எனினும், தன் அணி ஆட்டக்காரனை ‘அவன்’ என்று சுட்டிய அபட் திடீரென மதிப்பு விகுதிக்கு மாறினால் அம்மாற்றமே கண்ணை உறுத்தும்.

வினைமுற்றை நீக்கினால் இத்தடை முழுவதும் நீங்குகிறது. ‘முதல் தளத்தில் யார்’, ‘இரண்டாம் தளத்தில் என்ன’, ‘அவன் பெயர் என்ன’ ஆகிய மூன்றும் தமிழில் நிறைவான தொடர்கள். ஆங்கிலத்தில் கட்டாயமாக வரும் இணைப்புவினை தமிழுக்குத் தேவையில்லை. ‘யார்’ என்பதை நன்னூல் வினாவினைக் குறிப்பாகக் கொண்டு உயர்திணை முப்பாலுக்கும் பொதுவென வைப்பது ஈண்டு நினையத்தக்கது. அச்சொல் தானே பயனிலையாக நிற்கவல்லது. அதையே பெயராகக் கொண்டால் தொடர் பெயர்ப்பயனிலை பெறும். இரு நிலையிலும் தொடரின் வடிவம் மாறுவதில்லை. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதால் இது செம்மொழிச் சிலேடையின் பாற்படும்.

வேற்றுமை ஏற்கும் இடத்திலும் இவ்வொழுங்கு தொடர்கிறது. காட்சியில் ஊதியம் பற்றிய பேச்சு வருமிடத்தில், ‘சம்பளம் யாருக்கு?’ என்ற வினாவுக்கு ‘யாருக்கு.’ என்பதே விடையாகலாம். நான்காம் வேற்றுமைத் தொடரும் வினைமுற்று இன்றி நிறைவுபெறுகிறது. மூன்றாம் தளத்தவரின் பெயரில் தமிழுக்குக் கூடுதல் நன்மை உண்டு. எழுவாய் தொக்கு நிற்கத் ‘தெரியாது’ என்னும் ஒரு சொல்லே முழுத்தொடராகி, உடனே பெயராகவும் ஆகிறது.

வினாவையும் விடையையும் வேறுபடுத்துவது நிறுத்தற்குறி ஒன்றே. காஸ்டெல்லோவின் வரிக்கு வினாக்குறியும் அபட்டின் வரிக்கு முற்றுப்புள்ளியும் இடப்பட வேண்டும். பெயர்கள் முதன்முதல் அறிமுகமாகும் இடத்தில் மட்டும் மேற்கோள்குறி தகும். அதனை ஒவ்வொரு முறையும் இட்டால், வசனவரி நகையை விளக்கும் உரையாக மாறிவிடும்.

5. காலமும் எழுத்தெண்ணிக்கையும்

வசனவரி திரையில் நிற்க வேண்டிய குறைந்த நேரம் ஏறத்தாழ 0.83 நொடி (ஒரு நொடியில் ஆறில் ஐந்து பங்கு) எனவும், மிகுதி 7 நொடி எனவும் நடைமுறையில் கொள்வர். ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் காட்டுவதில்லை. அடுத்தடுத்த வசனவரிகளுக்கிடையே இரண்டு சட்டங்கள் அளவு இடைவெளி விடுவர். ஆங்கில வசனவரிகளுக்கு நொடிக்கு 17 முதல் 20 குறிகள் என்பது பரவலாக வழங்கும் உச்சவரம்பு.

இவ்வரம்பைத் தமிழுக்குப் பொருத்தும்போது ஓர் எண்ணிக்கைச் சிக்கல் எழுகிறது. மென்பொருள்கள் பல, எழுத்துகளை எண்ணாமல் ஒருங்குறிக் குறிகளை எண்ணுகின்றன. ‘தளத்தில்’ என்னும் சொல்லில் தமிழ் இலக்கணப்படி ஐந்து எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் எட்டுக் குறிகள் ஆகின்றன. ‘முதல் தளத்தில் யார்?’ என்னும் வரி, வெற்றிடமும் வினாக்குறியும் உட்பட, படிப்பவருக்கு 13 இடங்கள். மென்பொருளுக்கு 20 குறிகள்.

இதே வினாவை ‘முதல் தளத்தில் நின்று ஆடுபவர் யார்?’ என விரித்தால் 35 குறிகள் ஆகும். வரி திரையில் நிற்க 1.02 நொடியே கிடைக்கும் என்று கொண்டால், முன்னது நொடிக்கு 19.6 குறிகள், பின்னது 34.3 குறிகள். பின்னது எந்த வரம்புக்கும் அடங்காது. இரட்டைப் பொருளுக்காக வினையை நீக்கியது, காலத்துக்காகவும் நீக்கியதாக அமைந்துவிடுகிறது. இலக்கணத் தேவையும் காலத் தேவையும் இங்கு ஒரே வடிவத்தில் கூடுகின்றன.

எனினும், ஆங்கில வரம்பைத் தமிழுக்கு அப்படியே சட்டமாகக் கொள்ளல் ஆகாது. மென்பொருள் சிவப்புக் குறியிட்டு எச்சரிக்கும் வரி, தமிழ் வாசகருக்கு இயல்பாகவே படிக்கக் கூடியதாக இருக்கலாம். காட்சியை முன்னர்ப் பார்த்திராத ஒருவரைப் படிக்கச் செய்து, எவ்வரியில் அவர் கண் பின்தங்குகிறது என நோக்குவதே நம்பத்தக்க சோதனை.

6. விடை முந்தாமை

இக்காட்சியில் விடைகள் மிகக் குறுகியவை. பல அரை நொடியில் சொல்லி முடிக்கப்படுபவை. குறைந்த நேர விதிப்படி அவற்றைத் தனி வசனவரியாக நிறுத்துவது கடினம். எனவே இருவர் பேச்சை ஒரே வசனவரியில் இரு வரிகளாக, ஒவ்வொன்றின் முன்னும் சிறுகோடிட்டுக் காட்டுவர். எந்த இரண்டைச் சேர்ப்பது என்பதில்தான் நகையின் உயிர் உள்ளது.

காட்சியின் கேள்வி–விடை ஒழுங்கைக் காட்டும் பொருட்டு அமைக்கப்பட்ட மாதிரி உரையாடல் ஒன்றைக் கொள்ளலாம். இது மூல வசனத்தின் நேர்பெயர்ப்பு அன்று. நேரங்களும் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. முதல் தளத்தில் யார் என்ற வினா 41.2ஆம் நொடியில் தொடங்கி 42.3 வரை செல்கிறது. ‘ஆமாம்’ என்னும் விடை 42.3 முதல் 42.8 வரை, அரை நொடியே நீள்கிறது. அடுத்து, பெயரைக் கேட்டதாகக் காஸ்டெல்லோ தெளிவுபடுத்துகிறார். ‘யார்’ என்கிறார் அபட். ‘முதல் தளத்து ஆள்’ என்று அழுத்துகிறார் காஸ்டெல்லோ. மீண்டும் ‘யார்’ என்பதே விடை.

வினாவும் அதன் விடையும் ஓரிணை என்று கருதி முதலிரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதே வழக்கமான நாட்டம். அவ்வாறு செய்தால் 41.2ஆம் நொடியிலேயே ‘ஆமாம்’ என்பது திரையில் தோன்றும். அபட் அதனைச் சொல்ல இன்னும் 1.1 நொடி இருக்கிறது. அதற்குள் பார்வையாளர் படித்துவிடுவர்; சிரிப்பு, வினா முடியுமுன் எழும் அல்லது எழாமலே போகும். மாறாக, விடையை அதற்கு அடுத்துவரும் வினாவோடு சேர்த்தால், விடை தன் நேரத்தில் தோன்றும். முந்தித் தோன்றுவது அடுத்த வினா மட்டுமே. வினா முந்துவதால் நகைக்கு இழப்பில்லை.

```
14
00:00:41,200 --> 00:00:42,220
முதல் தளத்தில் யார்?

15
00:00:42,300 --> 00:00:44,020
- ஆமாம்.
- அவன் பேரைக் கேட்டேன்.

16
00:00:44,100 --> 00:00:46,120
- யார்.
- முதல் தளத்து ஆள்!

17
00:00:46,200 --> 00:00:47,200
யார்.
```

இங்குப் பதினைந்தாம் வசனவரியில் 31 குறிகள் 1.72 நொடி நிற்கின்றன, நொடிக்கு 18. பதினாறாவதில் நொடிக்கு 13 குறிகளே. இறுதி விடையாகிய பதினேழாவது தனித்து நிற்கிறது. உரையாடலின் அச்சிறு பகுதியில் சிரிப்பு திரளும் இடம் அதுவே. ஆதலின் அதன்பின் எதையும் சேர்க்காமல், சொல் முடிந்த பின்னும் வரி சற்று நிற்குமாறு விடப்பட்டுள்ளது.

இப்பிழையைக் கண்டறிய எளிய வழி உண்டு. காட்சியை முதலில் ஒலியின்றியும் பின்னர் ஒலியுடனும் ஓடவிட வேண்டும். ஒலியின்றிப் பார்க்கும்போது சிரிக்கவைத்த வரி, ஒலியுடன் பார்க்கும்போது சிரிப்பைத் தரவில்லையெனில், பெரும்பாலும் குறை மொழிபெயர்ப்பில் இல்லை. விடை முந்தித் தோன்றியிருக்கிறது.

7. தொனி

அபட்டின் குரல் பெரும்பாலும் நிதானமானது. காஸ்டெல்லோவின் குரல் பணிவில் தொடங்கிக் கதறலில் முடிகிறது. ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் ஒன்றே ஆதலின், இவ்வேற்றம் குரலில் மட்டும் வெளிப்படுகிறது. தமிழில் மரியாதை விகுதியைத் தேர்ந்தெடுக்காமல் முன்னிலையில் பேச இயலாது. இதனைச் சுமையாகக் கருதாமல் கருவியாகக் கொள்ளலாம்.

தொடக்கத்தில் ‘சொல்லுங்க’ என்றும், குழப்பம் மிகும்போது ‘சொல்லுய்யா’ என்றும், இறுதியில் ‘சொல்லித் தொலைய்யா’ என்றும் காஸ்டெல்லோவின் விளி இறங்கிவரச் செய்யலாம். ஆனால் படிகள் மூன்றுக்கு மேற்படுதல் நன்றன்று. முதற்படியிலிருந்து விரைந்து இறங்குவதும் நன்றன்று. குரல் இன்னும் உயராதபோது வரி சினம் காட்டினால் இரண்டும் பிணங்கும். அபட்டின் வரிகளில் எம்மாற்றமும் கூடாது. ஒருவரின் மாறாமையே மற்றவரின் மாற்றத்தைப் புலப்படுத்துகிறது.

பேச்சுவழக்கைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ‘யார்’ என்பதை ஓரிடத்தில் ‘யாரு’ எனவும் பிறிதோரிடத்தில் ‘யார்’ எனவும் எழுதினால், வினாவும் பெயரும் வெவ்வேறு சொற்களாகத் தோன்றும். எவ்வடிவைக் கொண்டாலும் காட்சி முழுவதும் ஒன்றையே கொள்ள வேண்டும்.

8. தமிழ் இடங்கொடாத இடங்கள்

இவ்வமைப்பு எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. பந்தை முதல் தளத்துக்கு எறிவது பற்றிய பகுதியில், ‘இயல்பாகவே’ எனப் பொருள்படும் ‘நேச்சுரலி’ என்னும் சொல்லை அபட் உடன்பாட்டு விடையாகச் சொல்ல, காஸ்டெல்லோ அதனையும் ஓர் ஆளின் பெயராகக் கொள்கிறார். ‘இயல்பாகவே’ என்பதைத் தமிழில் யாரும் பெயரென மயங்கார். சொற்பொருளைக் காத்தால் நகை போய்விடும். ‘சத்தியமா’ என்னும் பேச்சுவழக்கு உறுதிமொழியை அவ்விடத்தில் இட்டால், ‘அவன் பேர் சத்தியமாவா?’ என மயங்க இடம் கிடைக்கும். பொருள் சிறிது விலகினும், உடன்பாட்டுச் சொல்லைப் பெயராகக் கொள்ளும் செயல்முறை காக்கப்படுகிறது.

‘ஏனென்றால்’ எனப் பொருள்படும் பெயரிலும் இத்தகைய தெரிவு உண்டு. தமிழில் ‘ஏன்?’ என்ற வினாவுக்கு ‘ஏனென்றால்’ எனத் தனித்து விடையளிப்பது வழக்கன்று. ‘சும்மா’ என்பதே இயல்பான குறுவிடை. ஆட்டக்காரரின் பெயரைச் ‘சும்மா’ எனக் கொண்டால் உரையாடல் தடையின்றி ஓடும். ஆனால் காதில் விழும் ஆங்கிலச் சொல்லோடு கண்ணில் படும் சொல் பொருந்தாமையை ஆங்கிலம் அறிந்த பார்வையாளர் கவனிப்பர். நகை அச்சொல்லையே சார்ந்திருக்கும் இடத்தில் இவ்விலகல் ஏற்கத்தக்கது. பெயர் பட்டியலில் ஒன்றாக மட்டும் வந்து போனால் நேர்பெயர்ப்பே போதும். எனினும் ஒரே காட்சியில் ஒருவருக்கு இரு பெயர் அமைதல் கூடாது. ஆதலின் அப்பெயர் வரும் எல்லா இடங்களையும் முதலில் தொகுத்து நோக்கிய பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

9. முடிவுரை

‘ஹூஸ் ஆன் ஃபர்ஸ்ட்’ காட்சியின் நகை ஆங்கிலச் சொற்களைச் சார்ந்ததாயினும், அதன் அடிப்படை வினாவும் விடையும் ஒரே வடிவு கொள்ளுதலாகும். வினைமுற்றின்றி முடியும் தொடரும், எழுவாய் தொகுதலும், பயனிலையாக நிற்கவல்ல ‘யார்’ என்னும் சொல்லும் அவ்வடிவொற்றுமையைத் தமிழில் தருகின்றன. இவையே வரியைச் சுருக்கிக் காலக் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்துகின்றன. வினைமுற்றைச் சேர்த்துத் தொடரை ‘முழுமை’ செய்யும் பழக்கம் இங்கு நகையையும் நேரத்தையும் ஒருசேர இழக்கச் செய்யும்.

குறுவிடையை முந்தைய வினாவோடு சேர்க்காமல் அடுத்த வினாவோடு சேர்த்தல், காட்சி முழுவதும் சொல்வடிவை மாற்றாமை, விளியின் இறக்கத்தைக் குரலின் ஏற்றத்தோடு பொருத்துதல் ஆகிய மூன்றும் விரைவான வினாவிடை நகைச்சுவைக் காட்சிகளுக்கு வசனவரி அமைப்போர் பின்பற்றத்தக்க நெறிகளாகின்றன. ‘நேச்சுரலி’ போன்ற இடங்களில் சொல்லை விட்டு மயக்கத்தின் செயல்முறையைக் காத்தலே பொருத்தமான ஈடாகும். தமிழ் எழுத்தெண்ணிக்கைக்கு ஏற்ற வாசிப்பு வேக வரம்பொன்றைத் தமிழ்ப் பார்வையாளரிடம் சோதித்து வகுத்தல், இவ்வாய்வின் தொடர்ச்சியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.